ஆடிப்பெருக்கு அன்று பிறந்தவள்

ஒரு பதிவையும் அதன் கீழே வந்த ஒரு பதிலையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் கற்பனைதான். ஆனால் மாற்றல் உத்தரவுகள் வரும் மாதங்களில் முகநூலைத் திறந்தால் இவற்றின் உடன்பிறப்புகள் கண்ணில் படாமல் போகாது.

பதிவு இது: "இவங்களுக்கு பேங்க்ல டிரான்ஸ்பர். போன வாரம் சென்னையில இருந்து கம்பத்துக்குக் குடிவந்துட்டோம். மகளுக்கு நாலு வயசு. மழைக்காலம் வந்தா இழுப்பு வந்துரும். நல்ல குழந்தைகள் டாக்டர் யாரு? எல்.கே.ஜி.க்கு எந்த ஸ்கூல் நல்லா இருக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்."

பதில், ஊரிலிருக்கும் பெரியம்மாவுடையது: "என்னத்தா, ஊரு மாறிட்டீகளா? ஆடிப்பெருக்கு அன்னிக்குப் பொறந்தவ, ஒரு இடத்துல நிப்பாளா! சூதானமாப் பாத்துக்க."

குழந்தையின் பெயர் எங்கும் இல்லை. படம் இல்லை, தெரு இல்லை, கதவிலக்கம் இல்லை. அம்மா கவனமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் இந்த ஏழெட்டு வரிகள் கம்பத்தில் ஒரு குழந்தையை ஏறக்குறைய விரல் நீட்டிக் காட்டிவிட்டன. அது எப்படி நடந்தது என்பது வெறும் பெருக்கல், வகுத்தல் கணக்கு.

சிறுவயதில் ஆடிய ஒரு விளையாட்டிலிருந்து தொடங்கலாம். ஒருவர் மனதில் ஓர் ஆளை நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் 'ஆமாம், இல்லை' என்று மட்டும் பதில் வரும்படி கேள்வி கேட்டு அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆணா? ஐம்பது வயதைத் தாண்டியவரா? ஒரு கேள்வியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் கூட்டம் பாதியாகும், அடுத்த கேள்வியில் அதிலும் பாதி. பத்துக் கேள்விகளில் ஆயிரம் பேரில் ஒருவரைப் பிடித்துவிடலாம். இருபது கேள்விகள் 10,48,576 பேர் வரை தாங்கும். 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899. அப்படியானால் பெரியகுளத்திலிருந்து கூடலூர் வரை, போடி மலையடிவாரத்திலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வரை, மாவட்டத்தில் யாரை நினைத்துக்கொண்டாலும் இருபத்தொரு கேள்விகள் போதும்.

கூட்டத்தைப் பாதியாக்கும் இந்த ஒரு வெட்டைத்தான் தகவல் அறிவியலில் ஒரு 'பிட்' என்கிறார்கள். கணினியின் பூஜ்யம், ஒன்று என்பதும் இதே பிட்தான். நம்மைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வொரு விவரமும் சில வெட்டுகளுக்குச் சமம். எது எத்தனை வெட்டு என்பதை மனம் தானாக எடைபோடுவதில்லை. அங்கேதான் பிசகு வருகிறது.

பதிவை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

முதல் விவரம், கம்பம். 2011இல் கம்பம் நகராட்சியின் மக்கள்தொகை 68,090. மாவட்டத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. இது நான்கு வெட்டுகளுக்குச் சற்று மேல்.

இரண்டாவது, நாலு வயது. தமிழ்நாட்டில் ஏழு வயது நிரம்பாத குழந்தைகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆக ஒரே ஒரு வயதில் இருப்பவர்கள் எழுபதில் ஒரு பங்கு. கம்பத்தில் நாலு வயதுக் குழந்தைகள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆறு வெட்டுகள் போயின.

மூன்றாவது, மகள். மிச்சம் ஐந்நூறுக்குள்.

இந்த மூன்றையும் அம்மா எழுதினார். நான்காவதைப் பெரியம்மா எழுதினார். ஆடிப்பெருக்கு என்றால் ஆடி பதினெட்டு. குழந்தைக்கு நாலு வயது என்று தெரிந்தபின், பழைய காலண்டரைப் புரட்டினால் பிறந்த தேதி ஆகஸ்ட் 2 அல்லது 3 என்று கிடைத்துவிடும். வருடத்தில் 365 நாட்கள். ஐந்நூறை 365ஆல் வகுத்தால் மிஞ்சுவது ஒன்று, அல்லது இரண்டு.

வங்கி வேலையையும் சென்னையையும் இழுப்பையும் நாம் இன்னும் தொடவே இல்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஊர் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்றுதான் நாம் தயங்குவோம். ஆனால் மாவட்டத்துக்குள் ஊரைச் சொன்னதால் போனது நான்கு வெட்டு. பிறந்தநாளைச் சொன்னதால் போனது எட்டரை வெட்டு. வெட்டு ஒவ்வொன்றும் பாதியாக்குவது என்பதால், எட்டரை என்பது நான்கைப்போல இரண்டு மடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. ஊர், கூட்டத்தைப் பதினெட்டாக வகுத்தது. பிறந்தநாள் 365ஆக வகுத்தது. கேக் படத்தைப் போடும்போது கை நடுங்குவதில்லை, ஊரை எழுதும்போது நடுங்குகிறது. பயம் இடம் மாறி நிற்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதை 1990களில் அமெரிக்காவில் ஒரு மாணவி நிரூபித்துக் காட்டினார். மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டன. அவற்றில் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவை மட்டும் அப்படியே இருந்தன. லட்டானியா ஸ்வீனி என்ற அந்த எம்.ஐ.டி. மாணவி, கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை இருபது டாலருக்கு வாங்கினார். அதில் சுமார் 54 ஆயிரம் பேர். ஏறக்குறைய நம் கம்பம் அளவுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒரே ஒருவர். பெயரில்லாத மருத்துவக் கோப்பு ஆளுநருடையதாகிவிட்டது. பின்னர் ஸ்வீனி போட்ட கணக்கில், அந்த மூன்று விவரங்களே அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று வந்தது.

அப்படியானால் பேசாமல் சொந்தக்காரர்களிடம் மட்டும் கேட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு தடை இருக்கிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் அருகே தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்களுக்குத் தகவல் எப்போதாவது பார்க்கும் ஆட்களிடமிருந்தே வந்திருந்தது. காரணம் எளிது. நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. சென்னையில் இருக்கும் நாத்தனாருக்குக் கம்பத்தில் எந்த டாக்டர் இரவு பத்து மணிக்குப் போனை எடுப்பார் என்று தெரியாது. முகம்கூடச் சரியாக நினைவில்லாத, கல்லூரியில் இரண்டு வருடம் கீழே படித்த ஒரு உத்தமபாளையத்துக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

ஆக, பதில் வரும் வாசலும் ஆபத்து வரும் வாசலும் ஒன்றே. கதவை மூடினால் பதில் வராது. எதை வாசலில் வைப்பது, எதை உள்ளே வைப்பது என்பதுதான் செய்யக்கூடியது.

அந்த ஆபத்து என்று வரும்போது நம் மனம் உடனே பிள்ளை கடத்தலுக்குத் தாவும். அதைவிட எளிதாக நடக்கக்கூடியது வேறு. ஒரு மதியம் போன் வரும். "மேடம், எல்.கே.ஜி. சீட் கேட்டிருந்தீங்கல்ல? பாப்பாவுக்கு ஆகஸ்ட்ல பிறந்தநாள், சரிதானே? ரெண்டு சீட்தான் இருக்கு, இன்னிக்கே அட்வான்ஸ் போட்டா பிளாக் பண்ணி வைக்கிறோம்." பேசுபவருக்குக் குழந்தையின் வயது தெரியும், மாதம் தெரியும், எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதும் தெரியும். இவ்வளவு தெரிந்தவர் பள்ளி அலுவலகத்து ஆளாகத்தான் இருப்பார் என்று நம்பிவிடுகிறோம். சிதறிய விவரங்களை யாராவது திருடி வந்து நமக்கே விற்றால் அவை நம்பிக்கையின் உருவில் வரும். இப்படிப் பணம் போய்விட்டால் சற்றும் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய எண் 1930. சைபர் மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுக்க, ஒரு மணி நேரம்கூட முக்கியம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆனால் ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த விவரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குழந்தை விஷயத்தில் அந்த 'ஒருவர்' என்பதில் பெற்றோரும் அடக்கம். சமூக ஊடகத்தில் நாமே எழுதியதை இன்னொருவர் எடுத்துத் தொகுத்தால், இந்தச் சட்டத்தைக் காட்டி அவரைத் தடுப்பது கடினம்.

இப்போது அதே கேள்வியை வேறு விதமாகக் கட்டிப் பார்ப்போம். விதி ஒன்றே: ஒவ்வொரு விவரத்திடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். நீ எத்தனை வெட்டு? உன்னால் பதில் எவ்வளவு நல்லதாகும்?

'கம்பம்' நான்கு வெட்டு. ஆனால் அது இல்லாமல் பதிலே இல்லை. நள்ளிரவில் காய்ச்சல் ஏறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை ஐம்பது கிலோமீட்டர் போவதா, பக்கத்துத் தெருவுக்குப் போவதா என்பதே இங்கு கேள்வி. ஊரைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் அகலமாகச் சொல்லலாமே என்றால், சின்னமனூர், கம்பம், கூடலூர் மூன்று நகராட்சிகளையும் சேர்த்தாலும் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் வரும். ஒரே ஒரு வெட்டுதான் மிச்சமாகும். நகரத்தில் இருப்பவர் ஊரை மறைக்க மெனக்கெட வேண்டியதில்லை. கிராமத்தில் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ். மூவாயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தில் நாலு வயதுக் குழந்தைகள் நாற்பது பேர்தான் இருப்பார்கள், அதில் பெண் குழந்தைகள் இருபது. பிறந்தநாளே தேவையில்லை, 'போன வாரம் குடிவந்தோம்' என்ற ஒரு சொல்லே போதும். அங்கே 'கம்பம் பக்கம்' என்று எழுதுவதுதான் சரி. டாக்டரைத் தேடி எப்படியும் கம்பத்துக்குத்தான் பஸ் ஏறப் போகிறோம்.

'நாலு வயசு, மகள்' என்பதற்குப் பதில் 'எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயசு' என்று எழுதினால் கூட்டம் ஐந்நூறிலிருந்து இரண்டாயிரமாகப் பெருகிவிடும். டாக்டரைச் சொல்பவருக்கு மகனா மகளா என்பது வேண்டியதில்லை. பள்ளி சொல்பவருக்கு வகுப்பு தெரிந்தால் போதும். ஒரு விவரத்தை அழிக்காமல் அகலப்படுத்துவது என்பது ஸ்வீனி உள்ளிட்டோர் பின்னர் முறைப்படுத்திய வழி. ஒருவருடைய விவரங்கள் குறைந்தது இத்தனை பேருக்காவது பொருந்தும்படி மங்கலாக்கிவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம்.

வங்கி, மாற்றல், சென்னை, போன வாரம்: இவை நான்கும் பதிலுக்கு ஒரு துளியும் உதவாதவை. ஆனால் வெட்டும் கத்திகளில் மிகக் கூர்மையானவை. ஓர் ஊரில் ஒரு பருவத்தில் புதிதாக வந்திறங்கும் குடும்பங்கள் எத்தனை இருக்கும்? அதில் வங்கி வேலை எத்தனை? நான்கையும் எடுத்துவிட்டால் பதிவின் பயன் குறையாது.

இழுப்பு மட்டும் சிக்கலானது. அது பதிலுக்கு நிச்சயம் தேவை. அதேசமயம் அது ஒரு குழந்தையின் உடல்நிலை. இங்கே கேள்வியின் முகத்தைத் திருப்பிவிடலாம். என் குழந்தை இப்படி என்று சொல்வதை விட்டு, நீங்கள் போகும் டாக்டர் எப்படி என்று கேட்பது. சிறு குழந்தைக்கு இன்ஹேலர் மருந்தை முகமூடி வைத்த ஸ்பேசர் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். அதை அம்மாவின் கையில் கொடுத்துப் பழக்கிக் காட்டுபவரா, சீட்டில் எழுதிவிட்டு அடுத்தவரை அழைப்பவரா என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும். இதைத் தடுப்பூசி, சளி, காய்ச்சல் ஆகியவற்றோடு கலந்து கேட்டால் எது நம் வீட்டுத் தேவை என்று வெளியே தெரியாது.

ஆக, திருத்திய பதிவு இப்படி வரும்: "கம்பத்துல குழந்தைகள் டாக்டர் யாரைப் பார்க்கிறீங்க? ராத்திரி போன் எடுப்பாரா? வீசிங் வந்தா ஸ்பேசர் போடச் சொல்லித் தருவாரா, தடுப்பூசி எல்லாம் அங்கேயே கிடைக்குமா, சாதாரண சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதுவாரா? அப்புறம், எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு உங்க பிள்ளைகள் எங்க படிக்குது? ஒரு வகுப்புல எத்தனை பேரு, வேன் எந்தெந்த ஊர் வழியா போகுது?"

முந்தையதைவிட இது நல்ல கேள்வி என்பதையும் கவனிக்கலாம். 'நல்ல டாக்டர் யாரு' என்று கேட்டால் பெயர்கள்தான் வரும். இப்படிக் கேட்டால் அனுபவம் வரும். பள்ளியில் 'எங்க தெருவுக்கு வேன் வருமா' என்று கேட்டால் தெரு போய்விடும். 'வேன் எந்த வழி' என்று கேட்டால் அந்த வழியில் நம் தெரு இருக்கிறதா என்பதை நாமே பார்த்துக்கொள்ளலாம். வந்த பெயர்களைச் சரிபார்க்கவும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் பதிவு பெற்றவரா என்பதை மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் பார்க்கலாம். எம்.டி. குழந்தை மருத்துவம், டி.சி.ஹெச். போன்ற பட்டங்கள் அதில் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு குறித்த கட்டணம் பொதுவில் கிடைக்கும்.

பதிவு சரியாகிவிட்டது. ஆனால் பெரியம்மா இன்னும் இருக்கிறார்.

விவரங்கள் பெரும்பாலும் கேள்வியிலிருந்து ஒழுகுவதில்லை. பதிலிலிருந்தும் நன்றியிலிருந்தும்தான் ஒழுகும். செல்லப் பெயரைச் சொல்லிக் கொஞ்சும் அத்தை, 'பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம்தானே வீடு' என்று கேட்கும் நண்பர், ஆடிப்பெருக்கை நினைவூட்டும் பெரியம்மா: அன்பு விவரமாகத்தான் பேசும். பதிவு போட்ட முதல் ஒரு மணி நேரம் பதில்களைக் கண்காணிப்பதும், இப்படி வருவதை நீக்கிவிட்டுத் தனியே போன் செய்து சொல்வதும் செய்யக்கூடியதே. "பெரியம்மா, தப்பா நினைக்காதீங்க, பிள்ளை பொறந்த நாள அங்க போடவேணாம்னு இருக்கேன்" என்றால் அவர் புரிந்துகொள்வார்.

நன்றிப் பதிவு இன்னும் மோசம். "நீங்க சொன்ன ஸ்கூல்லயே சேர்த்துட்டோம்" என்று சீருடையோடு ஒரு படம் போட்டால், அதுவரை யார் என்பது மட்டுமே வெளியே இருந்தது, இப்போது எங்கே, எப்போது என்பதும் வந்துவிட்டது. பள்ளி என்றால் வாரத்தில் ஐந்து நாள், காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம், ஒரே வாசல். எந்த முகவரியும் இவ்வளவு துல்லியமாக இருக்காது. நன்றியைத் தனிச் செய்தியில் சொல்லிவிட்டு, கேள்விப் பதிவை நீக்கிவிடலாம். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் நீக்குவதில் பயனில்லை. அதனால்தான் முதலிலேயே குறைவாக எழுத வேண்டும் என்கிறோம்.

தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து 'அடுத்த ஊசி எப்போது' என்று கேட்பதும் உண்டு. அந்த அட்டையில் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். சில படங்களுக்குள்ளேயே எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். 'ஆவணம்' என்று இணைத்து அனுப்பினால் அப்படியே கூடவே போகும்.

இந்தக் கணக்குக்கு எல்லை உண்டு. பிறப்புகள் வருடம் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டோம், விவரங்கள் ஒன்றையொன்று சாராதவை என்றும் வைத்துக்கொண்டோம். இரட்டைக் குழந்தைகள், வீட்டில் பேசும் வேறு மொழி போன்ற அரிய விவரம் ஒன்று வந்தால் கூட்டம் ஒரே அடியில் சுருங்கிவிடும். இன்னொன்று, இன்று எழுதிய பதிவு தனியாக நிற்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் போட்ட தொட்டில் படமும், போன தீபாவளிக்குப் போட்ட குடும்பப் படமும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன. வெட்டுகள் பதிவுக்குப் பதிவு கூடிக்கொண்டே போகும்.

எத்தனை வெட்டு போயிருக்கிறது என்று அறிய ஒரு சோதனை உண்டு. அதிகம் பழக்கமில்லாத ஒருவரிடம், அலுவலகத்தில் அடுத்த மாடியில் இருப்பவராக இருந்தால் நல்லது, நம் பக்கத்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் பிறந்த தேதியும் வாசலும் இருந்தால், கேள்வியைப் போடும் முன் பழைய பதிவுகளைப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

பெரியம்மா தன் பதிலை முடித்த சொல்லை இந்த ஊர்க்காரர்கள் தினமும் சொல்வார்கள். கடைத்தெருவுக்குப் போகிற பிள்ளையிடம், பைக்கை எடுக்கிற மகனிடம், பஸ் ஏறுகிற மருமகளிடம். சூதானம். அதை எழுதிய அதே வரியில்தான் அவர் எட்டரை வெட்டுகளையும் போட்டுவிட்டார்.